‘இது எனக்குப் பொருந்துமா?’ – விடுப்பு விதி மாறும்போது ஒட்ட வேண்டிய விளக்கக் குறிப்பு

(கோத்தகிரியில் ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் கலந்துகொண்ட வட்டார அளவிலான கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுப்பு விதி ஒன்று மாறினால் நமக்கு அது எப்படி வந்து சேருகிறது? முதலில் தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடுகிறது. அடுத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போடுகிறார்கள். பத்து நாள் கழித்து அரசாணையின் பி.டி.எஃப். வருகிறது. அது ‘மேற்படி’, ‘மேற்காண்’, ‘இதன்படி’ எல்லாம் அடுக்கிய நான்கு பக்கமாக இருக்கும். அதைத் திறந்தவர்கள் முதல் பக்கத்தோடு மூடிவிடுவார்கள். பிறகு அலுவலகத்தில் இருக்கும் இளநிலை உதவியாளரிடம் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “சார், இது எனக்குப் பொருந்துமா?”

அந்தக் கேள்விக்கு ஒரு தாளில், நம் தமிழில், எடுத்துக்காட்டோடு பதில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டுவது எப்படி என்பதுதான் இன்று நான் பேசப்போவது. பொதுவாகப் பேசினால் ஒன்றும் நிற்காது. அதனால் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்கிறேன். அது மகப்பேறு விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதமான மாற்றம். பழைய செய்திதான். ஆனால் பழையதாக இருப்பதால் ஒரு வசதி உண்டு. எந்தெந்த இடத்தில் ஆட்கள் தடுமாறினார்கள் என்பது இப்போது தெரிந்துவிட்டது. புதிய மாற்றத்தில் அது தெரியாது.

மாற்றம் இதுதான். மாநில அரசின் பெண் பணியாளர்களுக்கு ஒரு காலத்தில் 90 நாள் மகப்பேறு விடுப்பு இருந்தது. 2011இல் அது 6 மாதமானது, 2016இல் 9 மாதமானது. 2021 ஆகஸ்ட் 13 அன்று திருத்திய நிதிநிலை அறிக்கையை வாசித்த நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், 1.7.2021 முதல் அது 12 மாதமாகும் என்று அறிவித்தார். மனிதவள மேலாண்மைத் துறையின் அரசாணை எண் 84, 23.8.2021 தேதியில் வெளிவந்தது. இரண்டுக்கும் குறைவான உயிருடன் இருக்கும் குழந்தைகளை உடைய மணமான பெண் அரசுப் பணியாளர்களுக்கு, முழுச் சம்பளத்துடன் 365 நாள். அடிப்படை விதிகளில் 101(அ) என்ற விதியில் இது வருகிறது.

இந்தப் பத்தியில் மூன்று தேதிகள் இருப்பதைக் கவனித்தீர்களா? அறிவித்த தேதி 13.8.2021. ஆணை வந்த தேதி 23.8.2021. நடைமுறைக்கு வந்த தேதி 1.7.2021. மூன்றில் பணியாளருக்கு வேண்டியது கடைசித் தேதி மட்டும். ஆனால் செய்தியில் பெரிய எழுத்தில் வருவது முதல் தேதி. ஆணையின் தலைப்பில் இருப்பது இரண்டாவது தேதி. நடைமுறைத் தேதியோ உள்ளே ஒரு பத்தியின் நடுவில் இருக்கும். நம் விளக்கக் குறிப்பில் முதல் வரியே நடைமுறைத் தேதியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். மற்ற இரண்டையும் தாளின் அடியில் சிறிதாகப் போட்டால் போதும். சரிபார்க்க விரும்புகிறவர் அங்கே பார்த்துக்கொள்வார்.

அடுத்து எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். குறிப்பு எழுதுகிறவர்கள் எடுத்துக்காட்டு சேர்ப்பார்கள், ஆனால் எளிய எடுத்துக்காட்டாகச் சேர்ப்பார்கள். “ஒருவர் 1.9.2021 அன்று விடுப்பில் சென்றால் 365 நாள் கிடைக்கும்.” இதைப் படித்து யாருக்கு என்ன தெளிவு வரும்? புதிய விதி வந்தபின் விடுப்பில் போகிறவருக்குப் புதிய விதி பொருந்தும் என்பது எடுத்துக்காட்டு இல்லாமலே தெரியும். வகுப்பில் நாம் பின்னம் நடத்தும்போது அரையும் காலும் மட்டும் போட்டுக் காட்டிவிட்டுப் பரீட்சையில் ஏழில் மூன்று கேட்பது போலத்தான் இதுவும். எடுத்துக்காட்டு எங்கே வேண்டும் என்றால், கோட்டின் மேல் நிற்கிறவருக்கு வேண்டும்.

இந்த மாற்றத்தில் கோடு 1.7.2021. அதன் மேல் நிற்கிறவர் யார்? அதற்கு முன்பே விடுப்பில் போய், அந்தத் தேதியைத் தாண்டியும் விடுப்பில் இருக்கிறவர். அவர் கையில் 270 நாளுக்கான அனுமதி ஆணை இருக்கிறது. வெளியே 365 என்று பேச்சு. வீட்டில் கைக்குழந்தை. அந்த ஆசிரியையை மனத்தில் வைத்துத்தான் குறிப்பை எழுத வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கணித ஆசிரியை 1.2.2021 அன்று மகப்பேறு விடுப்பில் சென்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி 270 நாள். பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30. இதுவரை 150 நாள். ஆக, ஜூன் 30 மாலை அவர் 150 நாள் விடுப்பை முடித்திருக்கிறார். ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30 சேர்த்தால் 242. மீதி 28 நாள் அக்டோபரில். அவருடைய விடுப்பு 28.10.2021 அன்று முடிய வேண்டியது. அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை அவர் பணியில் சேர வேண்டியவர்.

இப்போது விதி மாறுகிறது. இவருக்குப் புதிய விதி பொருந்துமா பொருந்தாதா என்பதைக் குறிப்பு எழுதுகிறவர் தாமாக முடிவு செய்யக் கூடாது. ஆணையில் அதற்கான பத்தியைத் தேடி எடுக்க வேண்டும். புரியவில்லை என்றால் மாவட்ட அலுவலகத்திலோ கருவூலத்திலோ கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். “பக்கத்துப் பள்ளியில் கொடுத்தார்களாம்” என்பது ஆதாரம் ஆகாது. பொருந்தும் என்று உறுதியானால், அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. எத்தனை நாள்?

இங்கே மூன்று பேர் மூன்று விதமாகக் கணக்குப் போடுவார்கள். ஒருவர், ஜூலை 1 முதல் புதிதாக 365 நாள் என்பார். அப்படியென்றால் விடுப்பு 30.6.2022 வரை போகும். இன்னொருவர், பழைய 270 முடிந்தபின் மேலும் 365 என்பார். அது கேட்கவே நன்றாக இருக்கிறது. மூன்றாமவர் சொல்வதுதான் சரி. 365 என்பது மொத்தம். எடுத்த 150 நாளும் அதற்குள் அடக்கம். மீதி 215 நாள். பிப்ரவரி 1ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் 31.1.2022 அன்று 365 முடிகிறது. அவர் சேர வேண்டிய நாள் 1.2.2022. கூடுதலாகக் கிடைப்பது 95 நாள், ஒரு நாள் கூடவோ குறையவோ இல்லை.

‘மொத்தம்’ என்ற ஒரு சொல்லைக் குறிப்பில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல்வகைக் கணக்குப் போட்டவர் 2022 ஜூன் வரை வீட்டில் இருந்துவிடுவார். பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான ஐந்து மாதம் அனுமதி இல்லாமல் வராத காலமாகிவிடும். பிறகு அதை எந்த விடுப்பில் ஈடுகட்டுவது, சம்பளத்தை எப்படித் திரும்பக் கட்டுவது என்று இரண்டு ஆண்டு கோப்பு ஓடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். குறிப்பே கையில் கிடைக்காதவர் அக்டோபர் 29 அன்று குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோத்தகிரிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருப்பார். தமக்கு உரிய 95 நாளை அறியாமலே விட்டிருப்பார். கொண்டை ஊசி வளைவுகளில் எட்டு மாதப் பிள்ளையின் நினைவோடு தினமும் ஏறி இறங்கியவர்களுக்கு 95 நாளின் அருமை தெரியும்.

இன்னொரு சிறிய பொறி இருக்கிறது. நாம் பேச்சில் ‘9 மாதம்’, ‘12 மாதம்’ என்கிறோம். ஆணை நாள் கணக்கில் 270, 365 என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன கணித ஆசிரியைக்கு 9 மாதம் என்று எண்ணினால் அக்டோபர் 31 வரும். அது 273 நாள். நாள் கணக்கில் அக்டோபர் 28. மூன்று நாள் வித்தியாசம்.

12 மாதமும் 365 நாளும் பெரும்பாலும் ஒத்துப்போகும், பிப்ரவரி 29 குறுக்கே வராதவரை. 1.3.2023 அன்று விடுப்பில் சென்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு என்று நினைத்தால் 29.2.2024 வரை என்று தோன்றும். ஆனால் 365ஆவது நாள் 28.2.2024. அடுத்த நாள் வியாழக்கிழமை, பள்ளி நாள். அவர் அன்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள்தானே என்று தோன்றும். பணிப்பதிவேட்டில் ஒரு நாள் என்பது சிறியது இல்லை என்பது இங்கே இருக்கும் அலுவலக நண்பர்களுக்குத் தெரியும்.

கணினியில் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்செல் தாளில் விடுப்பு தொடங்கும் தேதி A2 கட்டத்தில் இருந்தால், `=A2+365` என்று போட்டால் வருவது பணியில் சேரும் நாள். விடுப்பின் கடைசி நாள் வேண்டுமென்றால் `=A2+364`. தொடங்கும் நாளும் கணக்கில் சேர்கிறது என்பதால் இந்த ஒன்று குறைகிறது. முதல் வாய்ப்பாட்டைப் போட்டுவிட்டு அதன் மேல் ‘விடுப்பு முடியும் நாள்’ என்று தலைப்பிட்டால், அந்தப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் ஒரு நாள் தவறாகிவிடும். குறிப்பில் எப்போதும் இரண்டு தேதிகளையும் எழுதுங்கள். கடைசி நாள் இது, சேர வேண்டிய நாள் இது. இரண்டையும் எழுதிவிட்டால் ‘வரை’ என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கொள்ள இடமிருக்காது.

சரி, இப்போது குறிப்பை எழுதிக் காட்டுகிறேன். 2021 செப்டம்பரில் ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் விதி.

“மகப்பேறு விடுப்பு – மாற்றம். 1.7.2021 முதல் மகப்பேறு விடுப்பு 270 நாளுக்குப் பதில் 365 நாள். முழுச் சம்பளம் உண்டு. உங்கள் ஈட்டிய விடுப்புக் கணக்கில் இது கழிக்கப்படாது. ஞாயிறு, பண்டிகை நாள், கோடை விடுமுறை எல்லாம் இந்த 365 நாளுக்குள் சேரும். பேறுக்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் என்பது உங்கள் விருப்பம்.

“1.9.2021 அன்று விடுப்பில் செல்பவருக்குக் கடைசி நாள் 31.8.2022. பணியில் சேரும் நாள் 1.9.2022. 1.2.2021 அன்று சென்று இன்னும் விடுப்பில் இருப்பவருக்கு 365 நாள் என்பது மொத்தக் கணக்கு. கடைசி நாள் 31.1.2022, சேரும் நாள் 1.2.2022. இவர் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் தர வேண்டும், தானாக நீளாது. 1.9.2020 அன்று சென்றவருக்கு 270 நாள் 28.5.2021 அன்றே முடிந்துவிட்டது. புதிய விதி இவருக்குப் பொருந்தாது.

“உங்கள் தேதி இந்த மூன்றில் எதிலும் அடங்கவில்லை என்றால் அலுவலகத்தில் கேட்கவும். ஆதாரம்: அரசாணை எண் 84, மனிதவள மேலாண்மைத் துறை, நாள் 23.8.2021.”

அவ்வளவுதான். இதில் இரண்டாவது எடுத்துக்காட்டு, மாவட்ட அலுவலகத்தின் பதில் கையில் வந்தபின் சேர்க்க வேண்டியது. அதுவரை அந்த இடத்தில் “விளக்கம் கேட்கப்பட்டுள்ளது, பதில் வந்ததும் இங்கே ஒட்டப்படும்” என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒட்டுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு ஏன் என்று சிலர் கேட்கலாம். கிடைக்காதவரைப் பற்றி எதற்கு எழுத வேண்டும், மனம் நோகாதா என்று. நோகும்தான். ஆனால் எழுதாவிட்டால் அவர் நம்பிக்கையோடு விண்ணப்பம் கொடுத்து, அது மூன்று மேசை ஏறி இறங்கி, ‘விதிகளில் இடமில்லை’ என்று நான்கு மாதம் கழித்துத் திரும்பும். அதைவிடத் தாளைப் பார்த்த அன்றே தெரிந்துகொள்வது மேல். யாருக்கு உண்டு என்று சொல்லும் குறிப்பு பாதிக் குறிப்பு. யாருக்கு இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

கோடை விடுமுறை பற்றிய வரியையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். மற்ற துறைகளில் இந்தக் கேள்வி எழாது. நம் துறையில்தான் எழும். “மே மாதம் எப்படியும் லீவுதானே, அதைக் கழித்துவிட்டு எண்ணலாமே?” என்று கேட்பார்கள். மகப்பேறு விடுப்பு தொடர்ச்சியாக ஓடும் நாள் கணக்கு. இடையில் பள்ளி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது, குறிப்பில் எழுத எனக்கே கை தயங்கும் வரிக்கு வருகிறேன். ‘இரண்டுக்கும் குறைவான உயிருடன் இருக்கும் குழந்தைகள்’ என்ற நிபந்தனை. மேலே நான் படித்த குறிப்பில் அது இல்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அதைத் தனியாகப் பேச வேண்டும் என்றுதான் விட்டிருந்தேன். இதை எளிய தமிழில் எழுதுவதாக நினைத்து, “மூன்றாவது குழந்தைக்கு விடுப்பு கிடையாது” என்று எழுதிவிடுவார்கள். சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆணை சொல்வது அது இல்லை. ஆணை எண்ணுவது இப்போது உயிருடன் இருக்கும் குழந்தைகளை. எத்தனையாவது பேறு என்பதை அல்ல. ஒரு குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு மூன்றாவது பேற்றின்போது உயிருடன் ஒரு குழந்தைதான் இருக்கும். அவருக்கு விடுப்பு உண்டு. நம் சுருக்கம் அவரிடமிருந்து அதைப் பறித்துவிடும். எளிமைப்படுத்தும்போது சொல்லை மாற்றலாம், எண்ணப்படும் பொருளை மாற்றக் கூடாது.

இந்த வரி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதுவும் நம் மாநில அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில். தருமபுரி மாவட்டத்தில் ஆங்கிலம் நடத்துபவர். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், இருவரும் அவர் 2012இல் பணிக்கு வரும் முன்பே பிறந்தவர்கள். அந்தத் திருமணம் முறிந்து, மறுமணம் செய்துகொண்டபின் மீண்டும் தாய்மையடைந்தார். 17.8.2021 முதல் 13.5.2022 வரை விடுப்பு கேட்டார். எண்ணிப் பாருங்கள், சரியாக 270 நாள். புதிய 365 நாள் அறிவிப்பு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆணையோ இன்னும் வரவில்லை. 28.8.2021 அன்று அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளனர் என்பது காரணம்.

2022 மார்ச் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு மீண்டும் ஆசிரியைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, 101(அ) விதியின்கீழ் விடுப்பு வழங்கச் சொன்னது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் நோக்கமும் மகப்பேறு விடுப்பு தரும் நோக்கமும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல, இரண்டையும் இணக்கமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றார்கள். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தையும் பார்த்தார்கள். 2017இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு விடுப்பே இல்லை என்று சொல்லவில்லை. 26 வாரத்துக்குப் பதில் 12 வாரம் என்று காலத்தைத்தான் குறைத்தது.

விண்ணப்பத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையில் நான்கு ஆண்டுக்கு மூன்று மாதம் குறைவு. கேட்டபோது வயிற்றில் இருந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது பள்ளிக்குப் போகும் வயதை நெருங்கியிருக்கும்.

ஆகவே குறிப்பில் இந்த நிபந்தனைக்கு நான் பரிந்துரைக்கும் வரி இது: “விதி, உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கு என்று சொல்கிறது. உங்களுக்கு இரண்டு குழந்தைகள் இருந்தாலும், பணிக்கு வரும் முன் பிறந்தவர்கள், மறுமணம் போன்ற தனிச் சூழ்நிலை இருந்தால் அதைக் குறிப்பிட்டு விண்ணப்பம் கொடுங்கள். அலுவலகம் அதைப் பெற்றுக்கொண்டு மேலே அனுப்பும்.” கொஞ்சம் நீளம்தான். ஆனால் இது யாருடைய உரிமையையும் அறிவிப்புப் பலகையிலேயே தீர்ப்பெழுதி மூடிவிடவில்லை. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “உங்களுக்குக் கிடையாதும்மா” என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த ஆசிரியை நீதிமன்றம் போக முடிந்ததற்கு, அவர் கையில் எழுத்தில் ஒரு நிராகரிப்பு ஆணை இருந்ததும் ஒரு காரணம். வாய்ச்சொல்லை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இப்படி உள்ளூர் மொழியில் ஒட்டுவது நாம் மனமிரங்கிச் செய்யும் உபகாரம் என்று நினைக்க வேண்டாம். அதே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சட்டத்தின் சுருக்கத்தைப் பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியிலும், கண்ணில் படும் இடத்தில், அந்த வட்டார மக்களின் மொழியில் ஒட்டி வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடமை விதித்தது. தோட்டங்களுக்கும் அது பொருந்தியது. நம் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிப்பவர்கள். எடை போடும் இடத்தில் அப்படி ஒரு தாள் இருந்ததா, இருந்தால் படிக்கும் எழுத்தில் இருந்ததா என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களிடமும் கேட்கலாம்.

கடைசியாக, இப்போது நம் மேசைக்கு வந்திருக்கும் மாற்றம். 2025 ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அரசுப் பணியாளர்களுக்கான அறிவிப்புகளை வெளியிட்டார். அவற்றில் ஒன்று, மகப்பேறு விடுப்புக் காலமும் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பது. இளைய ஆசிரியைகளுக்கு இது பெரிய செய்தி. ஆனால் அறிவிப்பை அப்படியே படியெடுத்து ஒட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது. கணக்காகக் காட்டுங்கள்.

தகுதிகாண் பருவம் என்பது தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணி. ஓர் இயற்பியல் ஆசிரியை 1.7.2023 அன்று பணியில் சேர்கிறார். 1.7.2024 முதல் 30.6.2025 வரை 365 நாள் மகப்பேறு விடுப்பு. பழைய முறையில் அந்த ஓராண்டு கணக்கில் வராது. அவருடைய இரண்டு ஆண்டு பணி 30.6.2026 அன்றுதான் நிறைவாகும். மூன்றாண்டு வரம்பும் அதே நாளில் முடிகிறது. இடையில் அவர் ஒரு வாரம் மருத்துவ விடுப்பு எடுத்திருந்தால் அந்த வரம்பையும் தாண்டியிருப்பார். விடுப்புக் காலம் சேர்ந்தால் 30.6.2025 அன்றே இரண்டு ஆண்டு நிறைவு. உடன் சேர்ந்த ஆண் ஆசிரியருக்கும் அவருக்கும் ஒரே தேதி.

இங்கேயும் கோட்டின் மேல் நிற்பவர்கள் உண்டு. ஆணையின் நடைமுறைத் தேதிக்கு முன்பே விடுப்பு முடிந்து, தகுதிகாண் பருவம் மட்டும் இன்னும் முடியாதவர்கள் அவர்கள். உங்கள் பள்ளியில் அப்படி யாராவது இருந்தால், குறிப்பின் முதல் எடுத்துக்காட்டு அவருடைய தேதிகளாகவே இருக்கட்டும், பெயர் வேண்டாம். ஆணையில் அவருக்கான பத்தி எது என்று கண்டுபிடித்து, அந்தப் பத்தி எண்ணை அடியில் எழுதுங்கள். இல்லையென்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள்.

ஒட்டும்போது ஒன்று செய்யுங்கள். தாளின் மேல் மூலையில் ஒட்டிய தேதியை எழுதுங்கள். பழைய 270 நாள் தாள் இன்னும் பலகையில் இருந்தால் அதை எடுத்துவிட்டு இதை ஒட்டுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பசை நிற்காது, பின் போட்டு மாட்டுங்கள். களஞ்சியம் செயலியில் விண்ணப்பிக்கும் முன் எல்லாரும் பார்த்துக்கொள்ள, அதே தாளைப் படம் எடுத்துப் பள்ளிக் குழுவிலும் போட்டுவிடலாம்.

யாருக்காவது தம் தேதிகளை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டுமென்றால், நாட்காட்டி கொண்டுவந்திருக்கிறேன். இடைவேளையில் முன்னால் வாருங்கள்.